போன தீபாவளிக்கு வராதவர் யார்?

தீபாவளிக்கு ஐந்தாறு வாரம் இருக்கும்போதே கைபேசியில் ஜவுளிக்கடைச் செய்திகள் வரத் தொடங்கிவிடும். 'உங்களுக்காக மட்டும் 20 சதவீதத் தள்ளுபடி' என்று ஒரு கடை எழுதியிருக்கும். நீங்கள் ஒன்றரை வருஷமாக அந்தக் கடைப் பக்கமே போயிருக்க மாட்டீர்கள். மாதம் தவறாமல் அங்கே துணி எடுக்கிற பக்கத்து வீட்டுக்காரருக்கோ அப்படி ஒரு செய்தியே வந்திருக்காது. கடையின் கணினி உங்கள் இருவருக்கும் மதிப்பெண் போட்டு வைத்திருக்கிறது. அதைப் பார்த்துத்தான் சலுகை யாருக்கு என்று முடிவாகியிருக்கிறது.

அந்த மதிப்பெண்ணுக்கு அடிப்படை மூன்று கேள்விகள். இவர் கடைசியாக எப்போது வந்தார்? எத்தனை முறை வந்தார்? மொத்தம் எவ்வளவு ரூபாய்க்கு எடுத்தார்? ரீசென்சி, ஃப்ரீக்வென்சி, மானிட்டரி என்ற மூன்று சொற்களின் முதலெழுத்தைச் சேர்த்து இந்த முறையை ஆர்.எஃப்.எம். என்கிறார்கள். வாடிக்கையாளரின் வயதோ படிப்போ சம்பளமோ தேவையில்லை. கைபேசி எண், பில் தேதி, பில் தொகை ஆகிய மூன்றும் இருந்தால் ஒரு சாதாரண எக்ஸெல் தாளிலேயே இதைப் போட்டுவிடலாம். சிறு நகரத்துக் கடைகள்வரை இது வந்து சேர்ந்ததற்கு அந்த எளிமைதான் காரணம்.

அமெரிக்காவில் தபாலில் கேட்லாக் அனுப்பி வியாபாரம் செய்த நிறுவனங்களிடம் வளர்ந்த முறை இது. ஒவ்வொரு கேட்லாக்கையும் அச்சடித்துத் தபால்தலை ஒட்டி அனுப்பக் காசு செலவாகும். வாங்காதவருக்கு அனுப்பியது வீண். ஆகவே பழைய ஆர்டர் கணக்கைப் பார்த்து, யாருக்கு அனுப்பலாம், யாரை விட்டுவிடலாம் என்று பிரித்தார்கள். ஆர்தர் ஹியூஸ் என்பவர் 1994-இல் வெளியிட்ட 'ஸ்ட்ராடெஜிக் டேட்டாபேஸ் மார்க்கெட்டிங்' என்ற நூல் இதைப் பரவலாக்கியது. வாடிக்கையாளர் எல்லோரையும் கடைசியாக வாங்கிய தேதிப்படி வரிசையாக நிறுத்தி, ஐந்து சம பங்காக வெட்ட வேண்டும். அண்மையில் வாங்கிய பங்குக்கு 5, அடுத்ததற்கு 4, இப்படியே கடைசிப் பங்குக்கு 1. வந்த தடவைக்கும் செலவிட்ட தொகைக்கும் இதே போல. மூன்றிலும் முதல் பங்கில் இருப்பவர் 5-5-5. மூன்றிலும் கடைசியில் இருப்பவர் 1-1-1. மூன்றில் ரீசென்சிக்கே முதலிடம் தருவது வழக்கம். நேற்று வாங்கியவர் மறுபடி வாங்குவதற்கு, போன வருஷம் வாங்கியவரைவிட வாய்ப்பு அதிகம் என்பது கேட்லாக் வியாபாரத்தில் திரும்பத் திரும்பக் கண்ட அனுபவம்.

ஆனால் நம் ஊர் ஜவுளிக்கடைக்கு அதை அப்படியே கொண்டுவந்தால் கணக்கு பிசகும். கேட்லாக் பார்த்து வாங்குபவர் வருஷத்தின் எந்த மாதத்திலும் வாங்குவார். நம் வீடுகளில் துணி எடுப்பதற்குக் காலம் இருக்கிறது. ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல், பள்ளி திறப்பு, இவற்றுக்கு நடுவே முகூர்த்த மாதங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண ஜவுளி கிடையாது. பஞ்சாங்கம் பார்த்து வருகிற வாடிக்கையாளரை நாள் எண்ணி அளக்கிறோம் என்பதுதான் இங்கே சிக்கல்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாவட்டத் தலைநகர் ஒன்றில் மூன்று மாடி ஜவுளிக்கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த தீபாவளிச் சலுகையைத் திட்டமிட, 2025 ஆகஸ்ட் 31 அன்று முந்தைய மூன்று வருஷத்துப் பில்களை எடுத்து மதிப்பெண் போடுகிறார்கள். அதில் ஐந்து பேரை மட்டும் கவனிப்போம்.

முதலாமவர் ஓர் ஆசிரியை. கடைசியாக 9 நாள் முன்பு வந்தார். மூன்று வருஷத்தில் 16 தடவை, மொத்தம் 41,000 ரூபாய். இரண்டாவது, ஒரு கிராமத்துக் குடும்பம். தீபாவளிக்கு மட்டும் வருவார்கள். 2022, 2023, 2024 மூன்று தீபாவளிக்கும் வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் 12,000 ரூபாய். கடைசியாக வந்தது 2024 அக்டோபர் 25. மூன்றாவது, அதே மாதிரி இன்னொரு குடும்பம். 2022-க்கும் 2023-க்கும் வந்தார்கள், 2024-க்கு வரவில்லை. கடைசி பில் 2023 நவம்பர் 5. நான்காவது ஒரு கல்யாண வீடு. 2025 மே மாதத்தில் ஒரே வாரத்தில் மூன்று தடவை வந்து 2,40,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். ஐந்தாமவர் ஓர் இளைஞர். ஆடித் தள்ளுபடியில் 900 ரூபாய்க்கு ஒரு சட்டை எடுத்தார்.

நாள் கணக்கில் பார்த்தால் இரண்டாவது குடும்பம் வந்து 310 நாளாகிவிட்டது. ரீசென்சியில் 2 கிடைத்தாலே அதிகம். மென்பொருள் அவர்களை 'கைநழுவும் வாடிக்கையாளர்' என்று குறித்து, 'உங்களைப் பார்த்து நெடுநாளாயிற்று, 25 சதவீதம் தள்ளுபடி' என்று செய்தி அனுப்பும். அவர்கள் எங்கும் நழுவவில்லை. அக்டோபர் வந்தால் தாமாகவே வந்து 12,000 ரூபாய்க்கு எடுக்கப்போகிறவர்கள். கடை தன் கையாலேயே 3,000 ரூபாயை விட்டுக்கொடுக்கிறது.

மூன்றாவது குடும்பம் வந்து 665 நாளாகிவிட்டது. அவர்களுக்கு ரீசென்சி 1. பட்டியலில் இவர்கள் பழைய முகவரிகளோடும் ஊரைவிட்டுப் போனவர்களோடும் அடியில் கிடப்பார்கள். '1 வந்தவர்களுக்கு அனுப்ப வேண்டாம், வீண் செலவு' என்று முதலாளி சொல்லிவிடுவார். உண்மையில் கடை கவலைப்பட வேண்டியது இந்த வீட்டைப் பற்றித்தான். இரண்டு தீபாவளிக்கு வந்துவிட்டு மூன்றாவதுக்கு வேறு கடைக்குப் போயிருக்கிறார்கள். இன்னொரு தீபாவளியும் தவறிவிட்டால் பழக்கம் அங்கேயே நிலைத்துவிடும்.

நாளை எண்ணாமல் பருவத்தை எண்ணினால் இந்த இரண்டு வீடுகளும் தனித்தனியாகத் தெரியும். ஒவ்வொரு வாடிக்கையாளரும் வழக்கமாக எந்தப் பருவத்தில் வருகிறார் என்று முதலில் பார்க்க வேண்டும். அந்தப் பருவத்தில் எத்தனையைத் தவறவிட்டார் என்பதே அவருடைய ரீசென்சி. இரண்டாவது குடும்பம் தவறவிட்டது பூஜ்யம், அவர்களுக்கு 5. மூன்றாவது குடும்பம் ஒன்றைத் தவறவிட்டது, அவர்களுக்கு 3. இரண்டைத் தவறவிட்டவருக்கு 1. வருஷம் முழுக்க வரும் ஆசிரியையைப் போன்றவர்களுக்கு மட்டும் நாள் கணக்கு பொருந்தும். அவர் மூன்று மாதம் வரவில்லை என்றால் அதுவே செய்தி.

நாள் கணக்கு எவ்வளவு ஏமாற்றும் என்பதற்குத் தீபாவளித் தேதிகளே சாட்சி. 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20, 2026-இல் நவம்பர் 8. முதல் இரண்டு இடைவெளிகளும் 354 நாள். அடுத்தது 384 நாள். '365 நாளாக வராதவர் போய்விட்டார்' என்று விதி வைத்திருக்கும் கடையில், 2025 தீபாவளிக்கு ஒரு வாரம் முன் துணி எடுத்தவர் அடுத்த தீபாவளிக்கும் சரியாக ஒரு வாரம் முன்னால் வருவதாக இருந்தால், அவர் படியேறுவதற்குச் சுமார் மூன்று வாரம் முன்பே கணினி அவரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டிருக்கும். அந்த மூன்று வாரம்தான் கடை செய்தி அனுப்பும் நேரம்.

இரண்டாவது கேள்வி, எத்தனை முறை வந்தார் என்பது. இங்கே தவறு பெரும்பாலும் பில் போடும் இடத்திலேயே நடந்துவிடுகிறது. பெரிய ஜவுளிக்கடைகளில் மாடிக்கு மாடி, பிரிவுக்குப் பிரிவு தனி பில் போடுவார்கள். புடவைக்கு ஒன்று, பிள்ளைகளின் ரெடிமேடுக்கு ஒன்று, வேட்டி சட்டைக்கு ஒன்று. ஒரே சாயங்காலம் வந்துபோன குடும்பம் கணக்கில் மூன்று தடவை வந்ததாக நிற்கும். மறுநாள் அளவு மாற்ற வந்தால் நான்கு. ஆகவே பில்களை எண்ணக் கூடாது. எத்தனை வெவ்வேறு தேதிகளில் வந்தார் என்று எண்ண வேண்டும். மாற்றியெடுக்க வந்த தேதியையும் கழித்துவிட வேண்டும். கல்யாண வீடு ஒரே வாரத்தில் மூன்று தடவை வந்தது ஒரே காரியத்துக்காக. அதையும் ஒரு தடவையாகவே வைப்பது நியாயம்.

ஐந்து சம பங்காக வெட்டுவதிலும் ஒரு தொல்லை இருக்கிறது. பெரும்பாலான கடைகளில் வாடிக்கையாளரில் பாதிக்கு மேல் ஒரே தடவை வந்தவர்கள். அவர்களைச் சம பங்காக வெட்டினால், ஒரே தடவை வந்த ஒருவருக்கு 1-உம், அதே ஒரு தடவை வந்த இன்னொருவருக்கு 3-உம் விழும். தாளில் யார் மேலே இருந்தார் என்பதைத் தவிர இருவருக்கும் வேறுபாடே இல்லை. உங்கள் கடைக் கணக்கில் இந்தக் குறை இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது எளிது: ஒரே எண்ணிக்கை இரண்டு வெவ்வேறு மதிப்பெண்ணில் இருந்தால் இருக்கிறது. அங்கே சம பங்கை விட்டுவிட்டு, ஒரு தடவைக்கு 1, இரண்டுக்கு 2, மூன்று நான்குக்கு 3, ஐந்திலிருந்து எட்டுவரை 4, அதற்கு மேல் 5 என்று படி வைத்துக்கொள்ளலாம்.

தொகையைப் பொறுத்தவரை நம் ஜவுளிக்கடையில் கணக்கைப் புரட்டிப்போடுவது கல்யாணம். முகூர்த்தப் பட்டு, மாப்பிள்ளை வேட்டி, சம்பந்தி வீட்டுக்கு, உறவுக்காரர்களுக்கு என்று ஒரு வீடு ஒரே வாரத்தில் எடுப்பதை ஆசிரியை பதினேழு பதினெட்டு வருஷத்தில்தான் எடுப்பார். தொகையில் கல்யாண வீட்டுக்கு 5 கிடைத்து, அவர்கள் சிறப்பு வாடிக்கையாளர் பட்டியலில் ஏறிவிடுவார்கள். ஜூன் மாதமே அவர்களுக்கு ஒரு கூப்பன் போகும். ஜூனில் அந்த வீட்டில் யாரும் துணி எடுக்கப்போவதில்லை.

அதற்காக அவர்களை மறந்துவிடவும் கூடாது. மே மாதம் கல்யாணம் என்றால் அக்டோபரில் தலைதீபாவளி. பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நல்ல துணியாக எடுத்தே ஆக வேண்டும். மூன்று மதிப்பெண்ணில் எதுவும் இதைச் சொல்லாது. பில்லில் பட்டுப்புடவையும் பட்டு வேட்டியும் சேர்ந்திருப்பதும் அந்தப் பில்லின் மாதமும் சொல்லும். கல்யாணப் பில்களைத் தொகைக் கணக்கிலிருந்து தனியே எடுத்துவைத்து, அவற்றுக்குத் தேதி பார்த்துச் செய்தி அனுப்புவதே சரி. நீண்ட காலம் கல்லாவில் உட்கார்ந்த கடைக்காரர் இதை எந்த மென்பொருளும் இல்லாமலே செய்வார். 'உங்க வீட்டுக்கு இந்த வருஷம் தலைதீபாவளி இல்லையா?' என்று அவர் கேட்பது அதே கணக்குத்தான்.

மதிப்பெண் போட்டு முடித்ததும் உச்சியில் இருக்கும் இருபது எண்களை ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும். இதை யாரும் தவிர்க்கக் கூடாது என்பேன். எண் தர விரும்பாத வாடிக்கையாளர் வந்தால், பில் நகர வேண்டுமே என்று கேஷியர் தன் எண்ணையோ பத்து ஒன்பதுகளையோ தட்டிவிடுவார். அந்த எண்ணுக்குத் தினமும் பில் இருக்கும். கணினி அதைக் கடையின் தலைசிறந்த வாடிக்கையாளர் என்று முடிசூட்டிவிடும். மொத்தமாக எடுத்துப்போய் ஊரில் தவணைக்கு விற்பவர், தையல்கடைக்காரர், சீருடை எடுக்கும் நிறுவனம் ஆகியோரும் அங்கேதான் நிற்பார்கள். அவர்களுடைய வியாபாரம் வேறு. பேச வேண்டிய விதமும் வேறு. அப்பா எண்ணில் ஒரு பில், மகள் எண்ணில் ஒரு பில் என்று ஒரே குடும்பம் இரண்டாகப் பிரிந்து கிடப்பதை மட்டும் முழுதாகச் சரிசெய்ய வழியில்லை.

இனி சலுகை. மதிப்பெண் அதிகமானவருக்குச் சலுகையும் அதிகம் என்றே பல கடைகள் நினைக்கின்றன. தபால் கேட்லாக் காலத்தில் அதற்கு ஓர் அர்த்தம் இருந்தது. அனுப்பும் செலவுதான் அன்று பெரிது. இன்று கைபேசிச் செய்திக்கு ஆகும் செலவு மிகச் சிறிது. உண்மையான செலவு தள்ளுபடியில் இருக்கிறது. எப்படியும் வரப்போகிறவருக்குத் தள்ளுபடி தந்தால் அது முழுதும் கைக்காசு.

எவ்வளவு கைக்காசு என்று அறிய ஒரே வழிதான் உண்டு: ஒவ்வொரு பிரிவிலும் சிலருக்கு வேண்டுமென்றே அனுப்பாமல் விட வேண்டும். அந்தச் சிலரையும் குலுக்கல் முறையில்தான் எடுக்க வேண்டும். நம் கடையில் உச்ச மதிப்பெண் பெற்றவர்கள் 2,300 பேர் என்று கொள்வோம். 300 பேரை ஒதுக்கிவிட்டு 2,000 பேருக்கு 10 சதவீதக் கூப்பன் போகிறது. சராசரி பில் 8,000 ரூபாய். அதில் தள்ளுபடிக்கு முன் கடைக்கு நிற்பது 30 சதவீதம், அதாவது 2,400 ரூபாய் என்று வைப்போம். தீபாவளி முடிந்து பார்த்தால் கூப்பன் பெற்றவர்களில் 42 சதவீதம், 840 பேர் வந்திருக்கிறார்கள். முதலாளிக்கு மகிழ்ச்சி. ஆனால் ஒதுக்கிவைத்த 300 பேரில் கூப்பன் இல்லாமலே 40 சதவீதம் பேர் வந்திருக்கிறார்கள். அப்படியானால் 2,000 பேரில் 800 பேர் எப்படியும் வந்திருப்பார்கள். கூப்பன் அழைத்துவந்தது 40 பேரை மட்டும். அவர்களால் கிடைத்தது 96,000 ரூபாய். தள்ளுபடியோ வந்த 840 பேருக்கும் தந்தாயிற்று: 6,72,000 ரூபாய். 300 பேரை வைத்துப் பார்க்கும்போது இரண்டு சதவீத வேறுபாடு தற்செயலாகவும் வரக்கூடியது. அந்த 40 பேரைக்கூட உறுதியாகச் சொல்ல முடியாது.

அதே கூப்பன், போன தீபாவளியைத் தவறவிட்ட 1,500 பேரில் 300 பேரை ஒதுக்கிவிட்டு 1,200 பேருக்குப் போகிறது. அவர்களில் 14 சதவீதம், 168 பேர் வருகிறார்கள். ஒதுக்கிய 300 பேரில் வந்தது 8 சதவீதம். அந்தக் கணக்கில் 96 பேர் எப்படியும் வந்திருப்பார்கள். கூப்பனால் திரும்பியவர்கள் 72 பேர். அவர்களால் 1,72,800 ரூபாய். தந்த தள்ளுபடி 1,34,400 ரூபாய். மிஞ்சியது 38,400 ரூபாய்தான். ஆனால் இது லாபம். மேலே கண்டது கிட்டத்தட்ட 5,76,000 ரூபாய் நஷ்டம். வந்தவர்களின் சதவீதத்தை மட்டும் பார்த்திருந்தால் 42 பெரிது, 14 சிறிது என்று முதலாளி நேர்மாறாக முடிவு செய்திருப்பார்.

இவை விளக்கத்துக்காக நான் வைத்த எண்கள். உங்கள் கடையில் விகிதம் வேறாக இருக்கலாம். ஆனால் வழி இதுவே: ஒதுக்கிவைத்தவர்களோடு ஒப்பிடாமல் எந்தச் சலுகையும் வென்றது என்று சொல்ல முடியாது.

அப்படியென்றால் வருஷம் முழுக்க வரும் ஆசிரியைக்கு ஒன்றும் இல்லையா? அவரை வெறுங்கையோடு அனுப்புவது எனக்கு ஒப்பவில்லை. விசுவாசமாக வருபவர் முழு விலை கொடுக்க, விட்டுப்போனவருக்கு மட்டும் தள்ளுபடி என்பது அவருக்குத் தெரியவந்தால் மனம் கசக்கும், கசப்பதும் நியாயம். அவருக்கு விலையைக் குறைக்காமலே செய்யக்கூடியவை நிறைய உண்டு. தீபாவளிச் சரக்கு இறங்கியதும் கூட்டத்துக்கு முன்பே வந்து பார்க்க அழைக்கலாம். புடவைக்கு ஃபால்ஸ் வைத்து ஓரம் அடித்துத் தருவதை இலவசமாக்கலாம். ரெடிமேடு சட்டையை அளவுக்குச் சுருக்கித் தருவதில் அவருக்கு முதல் இடம் தரலாம். கடைக்கு இதில் ஆகும் செலவு சிறிது. 900 ரூபாய்ச் சட்டை எடுத்த இளைஞருக்கு எந்தக் கூப்பனும் அவசரமில்லை. இரண்டாவது தடவை வருகிறாரா என்று பார்த்துக்கொள்வதே போதும். அவரைப் பற்றி ஒரே ஒரு பில் என்ன சொல்லிவிட முடியும்?

இந்தக் கணக்கு முழுதும் நிற்பது பில் போடும்போது நீங்கள் சொல்லும் கைபேசி எண்ணின் மேல். எண் கொடுத்தால்தான் பில் என்று வற்புறுத்தக் கூடாது என 2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கடைகளுக்கு அறிவுறுத்தியது. அதே ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் விவரத்தை எதற்காகப் பெறுகிறோம் என்று சொல்லி அவர் இசைவைப் பெற வேண்டும், கொடுத்த இசைவை அவர் திரும்பப் பெறலாம் என்கிறது. எனவே கவுண்டரில் எண் கேட்டால், பில்லுக்கா விளம்பரத்துக்கா என்று கேளுங்கள். சலுகை வேண்டுமென்றால் எப்போதும் ஒரே எண்ணைக் கொடுங்கள். வேண்டாமென்றால் எண் தராமலே துணியையும் பில்லையும் வாங்கிக்கொண்டு வரலாம்.